11 கிலோ குழந்தைக்கு எத்தனை மில்லி?

மருந்துக் கடையில் "குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவது மூன்றில் ஒன்று. முதலாவது சொட்டு மருந்து. 15 மில்லி கொள்ளும் சின்னக் குப்பி, மூடியோடு ஒரு சொட்டுக்குழல். இரண்டாவது சாதா சிரப், 60 மில்லி பாட்டில். மூன்றாவதும் அதே அளவு பாட்டில்தான், ஆனால் பெயருக்குப் பின்னால் 250 என்றோ டிஎஸ் என்றோ அச்சிட்டிருக்கும். மூன்றிலும் உள்ள மருந்து ஒன்றே, பாராசிட்டமால். நிறமும் இனிப்பும்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபடுவது அடர்த்தி மட்டும். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதா சிரப்பில் 5 மில்லிக்கு 120, அதாவது ஒரு மில்லிக்கு 24 மில்லிகிராம். 250 என்று போட்டதில் ஒரு மில்லிக்கு 50.

இருப்பதிலேயே சின்னக் குப்பிதான் இருப்பதிலேயே அடர்த்தியானது. கைக்குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து என்பதால் அது லேசானதாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். கைக்குழந்தை அதிகம் விழுங்காது, கொஞ்ச அளவிலேயே தேவையான மருந்து உள்ளே போக வேண்டும் என்பதற்காகத்தான் அதை அவ்வளவு அடர்த்தியாகச் செய்கிறார்கள். வீட்டில் காய்ச்சல் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த மூன்று பாட்டில்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. அதனால் "எத்தனை மில்லி கொடுக்கட்டும்?" என்று யார் கேட்டாலும், அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: குழந்தையின் எடை என்ன, கையில் உள்ளது எந்த பாட்டில்.

கணக்கு

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். 10 முதல் 15 வரை என்பதுதான் சரியான வரம்பு. 15க்கு மேல் போகக் கூடாது. இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரம் இருப்பது நல்லது. காய்ச்சல் அதற்கு முன்பே ஏறிக் குழந்தை தவித்தால் நான்கு மணி நேரம் கழிந்த பிறகு கொடுக்கலாம், அதற்கு முன்னால் கூடாது. எப்படிக் கொடுத்தாலும் 24 மணி நேரத்தில் நான்கு வேளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டே கால் வயது, 11 கிலோ எடையுள்ள ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். 11ஐ 15ஆல் பெருக்கினால் 165 மில்லிகிராம். இதுதான் அவளுக்கு ஒரு வேளை மருந்து. இதைக் கையில் உள்ள பாட்டிலின் அடர்த்தியால் வகுக்க வேண்டும். சாதா சிரப் என்றால் 165ஐ 24ஆல் வகுத்து 6.8 மில்லி. 250 சிரப் என்றால் 165ஐ 50ஆல் வகுத்து 3.3 மில்லி. சொட்டு மருந்து என்றால் 1.6 மில்லி. மூன்றுமே ஒரே மருந்து, ஒரே அளவு. வகுத்து வரும் விடையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துக்கொள்ளலாம், மேலே ஏற்ற வேண்டாம். உங்கள் பாட்டிலில் 5 மில்லிக்கு 125 என்று இருந்தால் ஒரு மில்லிக்கு 25, அப்போது 6.6 மில்லி. லேபிளைப் படிக்காமல் போன தடவை கொடுத்த மில்லியை நினைவில் வைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் கடைக்காரர் இந்தத் தடவை வேறு பாட்டில் கொடுத்திருக்கலாம்.

அந்த ஆபத்து எவ்வளவு என்று பாருங்கள். இதே குழந்தைக்கு 6.8 மில்லி என்று மனதில் பதிந்திருக்கிறது, கையில் 250 பாட்டில் வந்துவிட்டது. உள்ளே போவது 340 மில்லிகிராம், தேவையானதைப் போல இரண்டு மடங்கு. "ஒரு ஸ்பூன்" என்று கேள்விப்பட்டு, சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றிவிட்டால் 500 மில்லிகிராம், மூன்று மடங்கு. ஒரு தடவை இப்படி நடந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். இதே அளவு நாளைக்கு நான்கு தடவை, இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் கல்லீரல் கெடும். காய்ச்சலும் வாந்தியும் ஏற்கெனவே இருப்பதால் கல்லீரல் கெடுவதன் அறிகுறி தனியாகத் தெரியாது. முதல் ஒரு நாள் குழந்தை நன்றாகவே இருப்பது போலக்கூட இருக்கும். அதனால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்த உடனே, குழந்தை எப்படி இருந்தாலும், பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இதற்கு முறிவு மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மருத்துவர் 250 சிரப் 3.3 மில்லி என்று எழுதியிருக்கிறார், கடையில் சாதா சிரப் தந்துவிட்டார்கள். அதில் 3.3 மில்லி கொடுத்தால் 79 மில்லிகிராம்தான், பாதிக்கும் குறைவு. காய்ச்சல் இறங்காது. உடனே "இந்த மருந்து என் குழந்தைக்குக் கேட்கவே கேட்காது" என்ற முடிவுக்கு வந்து, வீரியமான வேறு மருந்து தேடிப் போகிறார்கள். மருந்து கேட்கவில்லை என்று தோன்றினால் முதலில் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

எடையை ஊகிக்க வேண்டாம். தடுப்பூசி அட்டையில் ஆறு மாதத்துக்கு முன் எழுதிய எடை உதவாது. வீட்டில் நிற்கும் தராசு இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று பார்த்து, பிறகு தனியாக நின்று பார்த்து, கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பக்கத்து அங்கன்வாடியில் நிறுத்துத் தருவார்கள். வயதைப் பார்த்து மருந்து கொடுப்பது ஏன் சரிவராது என்றால், இரண்டு வயதில் 9 கிலோ குழந்தையும் இருக்கிறது, 14 கிலோ குழந்தையும் இருக்கிறது.

அளப்பதற்கு வீட்டுக் கரண்டி வேண்டவே வேண்டாம். தேக்கரண்டி என்று சொல்கிறோமே தவிர, ஒவ்வொரு வீட்டிலும் அது ஒவ்வொரு அளவு. பாலாடையிலும் சங்கிலும் அளவுக்கோடு கிடையாது. புகட்டலாம், அளக்க முடியாது. மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்சை வாங்கி, ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் குழலால் அளப்பதுதான் மிகத் துல்லியம். ஊசி முனையை மூடியிருக்கும் சின்னத் தொப்பியையும் எறிந்துவிடுங்கள், குழந்தை விழுங்கிவிடும். பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். இது அடியில் படியும் மருந்து. குலுக்காமல் ஊற்றினால் ஆரம்பத்தில் வெறும் இனிப்புத் தண்ணீராகவும், பாட்டில் தீரும்போது அடர்த்தியாகவும் போகும். குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்து, குழலின் முனையைக் கன்னத்தின் உட்புறம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு நாக்கின் நடுவில் பீய்ச்சினால் புரையேறும், அல்லது மொத்தமாக வாந்தி வரும். கொடுத்த அரை மணிக்குள் மருந்தெல்லாம் வாந்தியில் வந்துவிட்டால் அதே அளவை ஒரு தடவை திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு வந்தால் கொடுக்கக் கூடாது. அடுத்த வேளை வரை பொறுக்க வேண்டும்.

ஒளிந்திருக்கும் பாராசிட்டமால்

சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்தே வருகிறது. மூக்கு ஒழுகுகிறது என்று அதைக் கொடுத்து, காய்ச்சலுக்கு என்று தனியாக இதையும் கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு தடவை போகிறது. அந்தக் கலவைகளில் குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்தவற்றை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. ஆகவே இந்த வயதில் சளி மருந்தே வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்திலும் இருப்பது பாராசிட்டமால்தான். வாந்தி எடுக்கிற குழந்தைக்கு அது நல்ல வழி. ஆனால் அதை வைத்த பிறகு "வாய் வழியாகவும் கொஞ்சம்" என்று சிரப் கொடுக்கக் கூடாது. அது ஒரு முழு வேளை என்றே கணக்கு.

பிறகு வீட்டுக் கூட்டம். அம்மா ஆறு மணிக்குக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறார். அப்பா வேலையிலிருந்து வந்து, குழந்தை சுடுகிறதே என்று ஏழு மணிக்குக் கொடுக்கிறார். பாட்டி இரவில் தன் பங்குக்குக் கொடுக்கிறார். யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் குழந்தைக்கு மூன்று வேளை போய்விட்டது. ஒரு தாளை பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்துவிட்டால் போதும். நேரம், கக்கத்துச் சூடு, எந்த பாட்டில், எத்தனை மில்லி, யார் கொடுத்தது. எழுதாமல் பாட்டிலைத் திறப்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது

காய்ச்சலை டிஜிட்டல் தெர்மாமீட்டரில் கக்கத்தில் பாருங்கள். வியர்வையைத் துடைத்து, முனை தோலோடு ஒட்டும்படி கையை மடக்கிப் பிடித்து, பீப் ஒலி வரும் வரை வைக்க வேண்டும். 99.5 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் என்றால் காய்ச்சல். ஒரு டிகிரி கூட்டிக்கொள்வதா என்று குழம்ப வேண்டாம். பார்த்ததை அப்படியே எழுதி, கக்கத்தில் பார்த்தது என்று மருத்துவரிடம் சொன்னால் போதும். நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி வடிவக் கருவி, மின்விசிறிக் காற்றிலும் வியர்த்த நெற்றியிலும் தவறாகக் காட்டும். தொட்டுப் பார்ப்பதும் காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்பதற்குத்தான் ஆகும், எவ்வளவு என்பதற்கு ஆகாது.

எண்ணைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டியதில்லை. 101இல் ஓடி விளையாடுகிற குழந்தைக்கு மருந்து தேவையில்லை. 100.5இல் உடம்பு வலித்து அழுதுகொண்டு, பாலையும் தள்ளிவிடுகிற குழந்தைக்குக் கொடுக்கலாம். காய்ச்சல் என்பது, கிருமியோடு உடம்பு நடத்தும் சண்டையின் பகுதி. மருந்து கிருமியை ஒன்றும் செய்யாது, நோய் ஓடும் நாட்களைக் குறைக்காது. குழந்தையின் வேதனையைக் குறைத்து, கொஞ்சம் குடிக்கவும் தூங்கவும் வைக்கும். அதற்காகத்தான் கொடுக்கிறோம்.

வேலை செய்ய ஆரம்பிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். அப்போதும் சூடு இரண்டு மூன்று டிகிரி பாரன்ஹீட்தான் இறங்கும். 104இல் இருந்த குழந்தை 102க்கு வந்தால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். 98.6க்கு வரவில்லை என்று அடுத்த மருந்தைத் தேடுவதுதான் பலர் செய்யும் தவறு.

அந்த 11 கிலோ குழந்தையின் தாள் ஒரு இரவில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். மாலை 6 மணிக்கு 102.6, சுருண்டு படுத்திருக்கிறாள்; சாதா சிரப் 6.8 மில்லி. 7:30க்கு 100.8, எழுந்து உட்கார்ந்து பாதி இட்லி சாப்பிட்டாள், பந்தை எடுத்து வீசினாள். 10 மணிக்கு 101.2, தூங்குகிறாள், மருந்து கொடுக்கவில்லை, எழுப்பவும் இல்லை. நள்ளிரவு 12:15க்கு நடுங்கிக்கொண்டு அழுகிறாள், 103.4; முதல் வேளையிலிருந்து ஆறு மணி நேரம் கழிந்துவிட்டது, ஆகவே இன்னொரு 6.8 மில்லி. 1 மணிக்கு இன்னும் 103. வீட்டில் பதற்றம் வருகிற நேரம் இதுதான். மருந்து போய் முக்கால் மணி நேரம்தான் ஆகிறது, காத்திருக்க வேண்டும். 2 மணிக்கு 101.6, பால் குடித்துத் தூங்கினாள். காலை 6:30க்கு 100.4, சிரிக்கிறாள், மருந்து வேண்டாம். 11 மணிக்கு 102, சோர்வு, மூன்றாவது வேளை. 24 மணி நேரத்தில் மூன்று வேளையோடு முடிந்தது. இந்தத் தாளில் நான் முதலில் தேடிப் பார்ப்பது 103.4 என்ற எண்ணை அல்ல. 7:30க்கு இட்லி சாப்பிட்டதும் 2 மணிக்குப் பால் குடித்ததும்தான் எனக்கு வேண்டிய செய்தி. சூடு இறங்கிய நேரத்தில் குழந்தை பழைய குழந்தையாக மாறுகிறாளா என்பதுதான் வீட்டில் வைத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும்.

வேறு மருந்துகளைப் பற்றி. ஐபுப்ரோபென் காய்ச்சலை இறக்கும்தான். ஆனால் நம் ஊரில் டெங்கு இருக்கிறது, அதிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்தக் காய்ச்சலையும் டெங்கு இல்லை என்று முதல் நாளில் சொல்ல முடியாது. டெங்குவில் இந்த மருந்து ரத்தக்கசிவைக் கூட்டும். தண்ணீர் வற்றிய குழந்தையின் சிறுநீரகத்தையும் பாதிக்கும். மெபனமிக் அமிலமும் இதே குடும்பம். அதனால் வரக்கூடிய கடுமையான ஒவ்வாமை பற்றி 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விட்டது. நிமசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011 முதல் தடை. ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது. ஐபுப்ரோபெனும் பாராசிட்டமாலும் கலந்த சிரப்பும் கடையில் இருக்கிறது; பெயரைப் பார்த்து அதையும் வெறும் காய்ச்சல் மருந்து என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். மருத்துவர் பார்த்து எழுதாதவரை வீட்டில் பாராசிட்டமால் ஒன்று மட்டும் போதும். இரண்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் வேலையும் வேண்டாம். நேரக் குழப்பத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் மிகும்.

ஈரத்துணியால் துடைப்பது தவறில்லை, ஆனால் அவசியமும் இல்லை. துடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீர்தான். ஐஸ் தண்ணீரோ, குளிர்ந்த பத்தோ வைத்தால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், குழந்தை நடுங்கும், நடுக்கத்தால் உள்ளே சூடு இன்னும் ஏறும். நடுங்க ஆரம்பித்தால் துடைப்பதை நிறுத்திவிடுங்கள். கம்பளி போர்த்தி வியர்க்க வைப்பதும் கூடாது. மெல்லிய பருத்திச் சட்டை, மின்விசிறி மெதுவாக.

சாப்பாட்டை வற்புறுத்த வேண்டாம், தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 11 கிலோ குழந்தைக்குப் பால், கஞ்சி, மோர் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே நீர் வேண்டும். ஒரே மூச்சில் குடிக்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று ஸ்பூன் என்று கொடுத்தால் வாந்தியும் வராது. வாந்தியோ பேதியோ இருந்தால் ஓஆர்எஸ் வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர், சின்னது என்றால் 200 மில்லி. பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதே அளவு தண்ணீர். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் கரைப்பது உப்பு அளவை மாற்றிவிடும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் அதுவே முதல் நீர். நிலவேம்புக் கசாயத்தை வாயைப் பிளந்து ஊற்றி, குடித்த பாலும் வாந்தியில் போய்விடுவதால் இந்த வயதில் யாருக்கும் லாபம் இல்லை.

எப்போது கிளம்ப வேண்டும்

சூடு எவ்வளவு என்பதை வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாது. சாதாரண வைரஸ் காய்ச்சல் 104ஐத் தொடும். மோசமான தொற்று 100.5இல் நிற்கும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்தக் காய்ச்சலும் உடனே மருத்துவமனை, வீட்டு வைத்தியமே கிடையாது. ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தையிடம் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் மூச்சு. காய்ச்சல் ஏறியிருக்கும்போது எந்தக் குழந்தையும் வேகமாகத்தான் மூச்சு விடும். ஆகவே சூடு இறங்கி, அழாமல் இருக்கும் நேரத்தில் சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நிமிடத்துக்கு 40ம் அதற்கு மேலும் என்றால் வேக மூச்சு. ஒரு வயதுக்குள் என்றால் 50. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும், நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ள பகுதி உள்வாங்கினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108ஐ அழையுங்கள்.

இரண்டாவது கை கால். காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருக்கும், அது இயல்பு. காய்ச்சல் ஏறி முடிந்த பிறகும், அல்லது இறங்கிய பிறகும் அவை சில்லென்றே இருந்தால் இயல்பு அல்ல. நெஞ்செலும்பின் நடுவில் விரலை ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். மூன்று விநாடியும் அதற்கு மேலும் ஆனால் ரத்த ஓட்டம் குறைகிறது. அந்த நேரத்தில் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை, மருத்துவமனைதான்.

மூன்றாவது சிறுநீர். டயப்பர் போட்டிருந்தால் காய்ச்சல் நாட்களில் கழற்றிவிடுவது நல்லது, அப்போதுதான் எப்போது போனது என்று தெரியும். எட்டு மணி நேரம் போகவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது. குடித்ததெல்லாம் வாந்தியாக வந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான். இதோடு சேர்த்து இன்னொன்று: சளி, இருமல், பேதி எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், முக்கியமாகப் பெண் குழந்தைகளிடம். மருத்துவரிடம் போகும்போது சிறுநீர்ப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

இனி டெங்கு. இதில்தான் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் தானாக இறங்கும். வீடு நிம்மதி அடைகிறது, தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறி, ரத்த அழுத்தம் விழுவது அந்த ஒன்றிரண்டு நாளில். காய்ச்சல் விட்ட பிறகு விளையாடிச் சாப்பிட்டால் நல்லது. காய்ச்சல் விட்ட பிறகு சோர்ந்து கிடந்தாலோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, கை கால் சில்லிட்டுப் போனாலோ அந்த நிமிடமே கிளம்ப வேண்டும், இரவு என்று பார்க்கக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சல் இரண்டாவது நாளைத் தாண்டினாலே ஒரு தடவை மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் அந்தத் தாளில் எழுதுவதை நிறுத்த வேண்டாம். சூட்டுக்குப் பதிலாக, குடித்ததையும் சிறுநீர் போன நேரத்தையும் எழுதுங்கள்.

தோலில் சிவப்போ ஊதாவோ புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். மறைந்துவிட்டால் சாதாரணத் தடிப்பாக இருக்கலாம். அழுத்தும்போதும் புள்ளி அப்படியே தெரிந்தால் அது தோலுக்குள் கசிந்த ரத்தம். உடனே மருத்துவமனை. எழுப்பினால் எழாத தூக்கம், கண்ணைப் பார்க்காமை, கழுத்தை அசைக்க விடாமல் வீரிட்டு அழுவது இவையும் அப்படியே. இவை எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

காய்ச்சலில் வலிப்பு வருவதை, ஜன்னி என்று ஊரில் சொல்வதை, கடைசியாகச் சொல்கிறேன். பார்க்கிறவர் உயிர் போகும் பயம் அதில்தான் வருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது ஒரு தடவையாவது வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும், மூளையைக் கெடுக்காது. காய்ச்சல் மருந்தை நேரம் தவறாமல் கொடுத்தாலும் இதைத் தடுக்க முடியாது, அதனால் வலிப்பு வந்த குழந்தையின் பெற்றோர் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கடிகாரத்தைப் பாருங்கள். பற்களுக்கு நடுவில் ஸ்பூனோ விரலோ வைக்கக் கூடாது, கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எதுவும் ஆகாது, வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும், நின்று திரும்ப வந்தாலும், ஒரு பக்கக் கை கால் மட்டும் வெட்டினாலும் 108. ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் அன்றே மருத்துவமனையில் காட்டியாக வேண்டும், மூளைக்காய்ச்சல் இல்லை என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது எழுதி வைத்த தாள், கொடுத்த எல்லா மருந்தின் பாட்டில்கள், தடுப்பூசி அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் பெயரை மட்டும் சொன்னால் அடர்த்தி தெரியாது. கடைசி வேளை எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, எந்த பாட்டில் என்று கேட்பார்கள், அந்தப் பதிலை வைத்துத்தான் அடுத்த மருந்தை அவர்கள் தொடங்குவார்கள்.